ஒரு கப் என்பது எத்தனை கிராம்?

பாசிப்பருப்பு உருண்டைக்கான செய்முறைக் குறிப்பு ஒன்று பின்வருமாறு அமைந்துள்ளது.

பாசிப்பருப்பு (வறுத்து அரைத்தது) – 1 கப்
வெள்ளைச் சர்க்கரை (பொடித்தது) – 1 கப்
உருக்கிய நெய் – அரைக் கப்
ஏலக்காய்ப் பொடி – ஒரு சிட்டிகை

இவற்றைக் கலந்து 12 உருண்டைகள் பிடிக்கலாம் என்று குறிப்பு முடிகிறது. சமையல் செய்பவருக்கு இது போதும். ஆனால் ஓர் உருண்டையைத் தின்றால் உடலுக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் கொழுப்பு, எத்தனை கிராம் மாவுச்சத்து கிடைக்கும் என்று ஒருவர் கேட்டால், இந்தக் குறிப்பிலிருந்து நேரடியாக விடை சொல்ல முடியாது. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகிய மூன்றையும் பெருஞ்சத்துகள் என்பர். நம் உடலுக்கு வேண்டிய ஆற்றல் பெரும்பாலும் இவற்றிலிருந்தே கிடைக்கிறது. சர்க்கரையும் வேதியியல் முறைப்படி மாவுச்சத்தின் இனத்தைச் சேர்ந்ததே.

இந்தக் கேள்வியை வெறும் ஆர்வத்தால் கேட்பவர்களும் உண்டு. கேட்டே தீரவேண்டியவர்களும் உண்டு. முதல் வகை நீரிழிவு நோய் உள்ள சிறுவர் சிறுமியரின் உடலில் இன்சுலின் சுரப்பதில்லை என்றே சொல்லலாம். எனவே அவர்களில் பலர், உண்ணப்போகும் உணவில் உள்ள மாவுச்சத்தைக் கிராமில் கணக்கிட்டு, மருத்துவர் வகுத்துத் தந்த விகிதப்படி இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். கணக்கில் மாவுச்சத்து குறைந்துவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். கூடிவிட்டால் தேவைக்கு மேல் இன்சுலின் செலுத்தப்பட்டு, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஆகவே கப்பைக் கிராமாக மாற்றும் கணக்கைச் சரியாகக் கற்பது நல்லது.

இரண்டு மொழிகள்

செய்முறைக் குறிப்பு கன அளவில் பேசுகிறது. கப், கரண்டி, படி, ஆழாக்கு யாவும் ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதையே சொல்கின்றன. உணவுச் சத்து அட்டவணையோ எடையில் பேசுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில், ஒவ்வோர் உணவுக்கும் 100 கிராமில் உள்ள சத்துகளே தரப்பட்டுள்ளன. அங்கே கப்புக்கு இடமில்லை.

இந்த இரண்டு மொழிகளையும் இணைப்பது நாம் இயற்பியலில் படித்த எளிய சமன்பாடுதான்:

எடை = கன அளவு × அடர்த்தி

எனவே நமக்குத் தெரியவேண்டியவை இரண்டு. நம் கப்பின் கன அளவு என்ன? அதனுள் இட்ட பொருளின் அடர்த்தி என்ன? இரண்டும் பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு எளியவை அல்ல.

கப்பை நீரால் அளத்தல்

‘கப்’ என்பது உலகெங்கும் ஒரே அளவு அன்று. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி லிட்டர். ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி லிட்டர். ஜப்பானியக் கப் 200 மில்லி லிட்டர். நம் வீடுகளிலோ காப்பி டம்ளரையும் கப் என்போம், கிண்ணத்தையும் கப் என்போம். 1896இல் அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் என்ற சமையற்கலை ஆசிரியை தம் நூலில், கப்பையும் கரண்டியையும் தலைதட்டியே அளக்கவேண்டும் என்று வலியுறுத்தினார். கும்பலாக அள்ளுவதால் வரும் வேறுபாடு அதனால் குறைந்தது. ஆனால் கப்பே வேறு வேறாக இருந்தால் தலைதட்டியும் பயனில்லை அல்லவா?

ஆகவே முதல் வேலை நம் கப்பின் கொள்ளளவைக் கண்டுபிடிப்பது. இதற்கு அளவு உருளைகூடத் தேவையில்லை. சமையலறைத் தராசு ஒன்று போதும். வெறும் கப்பை எடை போடுங்கள். அதில் விளிம்புவரை நீர் ஊற்றி மீண்டும் எடை போடுங்கள். ஒரு மில்லி லிட்டர் நீரின் எடை ஒரு கிராம் என்பதால், இரண்டு எடைகளின் வேறுபாடே கப்பின் கொள்ளளவு. வெறும் கப் 95 கிராம், நீருடன் 335 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 240 கிராம். எனவே கப்பின் கொள்ளளவு 240 மில்லி லிட்டர். (நம் ஊர் வெப்பநிலையில் நீரின் அடர்த்தி ஒன்றுக்குச் சற்றே குறைவு. அதனால் ஏற்படும் பிழை ஒரு கிராம் அளவே, விட்டுவிடலாம்.)

கரண்டிக்கும் இதே முறைதான். ஆனால் ஒரு தேக்கரண்டி நீரின் எடை சுமார் 5 கிராமே. சாதாரணச் சமையலறைத் தராசு ஒரு கிராம் வரை மட்டுமே காட்டும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு பிழை வர இடமுண்டு. பத்துக் கரண்டி நீரை ஒரே கிண்ணத்தில் ஊற்றி எடை போட்டு, பத்தால் வகுத்தால் இந்தத் தொல்லை நீங்கும். பத்துக் கரண்டிக்கு 48 கிராம் வந்தால் உங்கள் தேக்கரண்டியின் அளவு 4.8 மில்லி லிட்டர்.

கப்பினுள் இருக்கும் காற்று

இனி அடர்த்திக்கு வருவோம். நீர், நெய் போன்ற திரவங்களில் சிக்கல் குறைவு. உருக்கிய நெய்யின் அடர்த்தி ஒரு மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 0.91 கிராம். எனவே நம் கப்பில் அரைக் கப், அதாவது 120 மில்லி லிட்டர் நெய், 120 × 0.91 = 109 கிராம் இருக்கும். இங்கே பலர் செய்யும் தவறு, 120 மில்லி லிட்டரை அப்படியே 120 கிராம் என்று எழுதிவிடுவது. பதினொரு கிராம் தானே என்று தோன்றலாம். ஆனால் கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருவது; எனவே கணக்கு கிட்டத்தட்ட 100 கலோரி பிசகிவிடும். உறைந்த நெய்யைக் கரண்டியால் எடுத்துக் கப்பில் அடைத்தால் இடையிடையே வெற்றிடங்கள் நிற்கும். அப்போது 0.91 என்ற எண்ணும் பொருந்தாது.

பருப்பு, சர்க்கரை போன்ற திண்மப் பொருள்களில் இன்னொரு விருந்தாளி கப்புக்குள் புகுந்துகொள்கிறது. அதுதான் காற்று. சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி ஒரு கன சென்டி மீட்டருக்கு 1.59 கிராம். கப் முழுவதும் இடைவெளியின்றிச் சர்க்கரையே இருந்தால் 240 × 1.59 = 382 கிராம் பிடிக்கவேண்டும். ஆனால் தலைதட்டி அளந்த ஒரு கப் சர்க்கரை 200 கிராம் அளவுதான் நிற்கும். அப்படியானால் கப்பில் சர்க்கரை அடைத்த இடம் 126 மில்லி லிட்டர் மட்டுமே. மீதி 114 மில்லி லிட்டரும் படிகங்களுக்கு இடையே தங்கிய காற்று! படிகத்தின் அடர்த்தி நமக்கு உதவாது. காற்றோடு சேர்ந்த குவியலின் அடர்த்தியே உதவும். அதைக் குவியல் அடர்த்தி என்று சொல்வோம்.

அதே சர்க்கரையைப் பொடித்துச் சலித்து அளந்தால் என்ன ஆகும்? ஒரு கப்பின் எடை 200 கிராமிலிருந்து 120 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். பொருள் மாறவில்லை, படிகத்தின் அடர்த்தியும் மாறவில்லை. பிறகு ஏன் குறைந்தது? பெரிய படிகங்கள் தம் எடையாலேயே உருண்டு சரிந்து, கிடைத்த பள்ளங்களில் அமர்ந்துகொள்கின்றன. மாவுத் துகள்களோ மிக நுண்ணியவை. அவற்றின் எடையைவிட, ஒன்றையொன்று பற்றி இழுக்கும் விசையும் உராய்வும் மேலோங்கி நிற்கின்றன. ஆகவே அவை சரியாமல், ஒன்றன்மேல் ஒன்று தொற்றிப் பாலம் போல நிற்கின்றன. அந்தப் பாலங்களின் அடியில் காற்று சிறைப்படுகிறது.

கப்பைத் தரையில் நான்கு தட்டுத் தட்டினால் பாலங்கள் இடிந்து மாவு கீழே இறங்கும். மேலே இடம் உண்டாகும். இதனால்தான் மாவை அளக்கும் விதத்தைப் பொறுத்து எடை மாறுகிறது. இதை நீங்களே செய்து பார்க்கலாம். மாவைச் சலித்து, கரண்டியால் மெல்லக் கப்பில் நிரப்பி, அளவுகோலின் விளிம்பால் தலைதட்டி எடை போடுங்கள். மும்முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு அதே கப்பால் மாவை டப்பாவிலிருந்து அழுத்தி அள்ளி, தட்டி, தலைதட்டி எடை போடுங்கள். இரண்டுக்கும் இடையே 20, 30 கிராம் வேறுபாடு எளிதில் வரும். பருப்பை வைத்து இதே சோதனையைச் செய்தால் வேறுபாடு மிகச் சிறிதாக இருக்கும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. முழுத் தானியம், பருப்பு, படிகச் சர்க்கரை, திரவம் ஆகியவற்றுக்கு ஒருமுறை கண்டறிந்த ‘கப்புக்கு இத்தனை கிராம்’ என்ற எண்ணை நம்பலாம். மாவுக்கு அத்தகைய எண்ணை நம்பலாகாது; ஒவ்வொரு முறையும் தராசில் இடவேண்டும்.

அடைப்புக் குறிக்குள் ஒளிந்திருப்பது

இப்போது செய்முறையின் முதல் வரியைத் திரும்பப் படியுங்கள். ‘பாசிப்பருப்பு (வறுத்து அரைத்தது) – 1 கப்.’ இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஒரு கப் பருப்பை அளந்து, பின் வறுத்து அரைக்கவேண்டும் என்பது ஒன்று. வறுத்து அரைத்த மாவில் ஒரு கப் எடுக்கவேண்டும் என்பது மற்றொன்று. ‘சர்க்கரை (பொடித்தது)’ என்பதிலும் இதே குழப்பம் உண்டு.

தலைதட்டிய ஒரு கப் பாசிப்பருப்பு ஏறக்குறைய 200 கிராம் நிற்கும். ஒரு கப் மாவு, மெல்ல நிரப்பினால், 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அளந்து பிறகு அரைத்தால் 200 கிராம். அரைத்துப் பிறகு அளந்தால் 120 கிராம். எது செய்முறை எழுதியவரின் கருத்து?

இதற்கு நெய்யே சாட்சி சொல்லும். முதல் பொருளின்படி, ஏறத்தாழ 400 கிராம் உலர்ந்த பொருளுக்கு 109 கிராம் நெய். இந்த அளவில் மாவு நெய்யை ஏற்றுக்கொண்டு உருண்டையாகப் பிடிபடும். இரண்டாம் பொருளின்படி, 240 கிராம் உலர்ந்த பொருளுக்கு அதே 109 கிராம் நெய். கலவை தளர்ந்து, நெய் கசிந்து, பிடித்த உருண்டை தட்டில் அமர்ந்துவிடும். ஆகவே இந்தச் செய்முறை பருப்பாகவும் படிகச் சர்க்கரையாகவும் அளந்து எழுதப்பட்டது என்று முடிவு செய்கிறோம். வேறொரு செய்முறையில் நெய் கால் கப் என்று இருந்தால், அது மாவை அளந்து எழுதியதாக இருக்கக்கூடும்.

தராசில் இடும் முறை

இனிக் கப்பை ஒதுக்கிவிட்டு, செய்யும்போதே ஒவ்வொன்றையும் எடை போடுவோம். தராசின் மேல் வெறும் பாத்திரத்தை வைத்து, பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்தினால் பாத்திரத்தின் எடை கழிந்துவிடும். கப்பால் அளந்த பருப்பை அதில் இட்டு எடையைக் குறித்துக்கொள்ளவேண்டும். சர்க்கரைக்கும் அப்படியே. இரண்டும் 200 கிராம் வீதம் கிடைத்தன என்று கொள்வோம்.

நெய்யை இப்படி அளப்பது சரிவராது; கரண்டியிலும் கிண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். உருக்கிய நெய் உள்ள கிண்ணத்தைக் கரண்டியோடு முதலில் எடை போட்டுக்கொள்ளுங்கள். மாவில் வேண்டிய அளவு ஊற்றிப் பிசைந்து முடித்ததும், மீதி நெய்யோடு உள்ள கிண்ணத்தையும் கரண்டியையும் மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையே கலவைக்குள் சென்ற நெய். ஒட்டிக்கொண்டது இரண்டு எடையிலும் இருப்பதால் அது தானாகவே கழிந்துவிடும். இந்த முறையில் நமக்கு 109 கிராம் கிடைத்தது என்று கொள்வோம்.

ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை; ஒரு கிராமுக்கும் குறைவு. அதைக் கணக்கில் சேர்க்கவேண்டியதில்லை.

வறுத்தபின் குறைந்த எடை

பருப்பை வறுத்து ஆறவைத்து எடை போட்டால் 200 கிராம் இருக்காது. பாசிப்பருப்பில் 100 கிராமுக்குப் பத்துக் கிராம் அளவில் ஈரம் உள்ளது. வறுக்கும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிறது. நம் பருப்பு 186 கிராமாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். போன 14 கிராமும் நீர். அதோடு புரதம் போகவில்லை; மாவுச்சத்தும் போகவில்லை.

இங்கேதான் கவனம் வேண்டும். அட்டவணையில் உள்ள எண்கள் வறுக்காத பருப்புக்கு உரியவை. எனவே அவற்றை 200 கிராமோடுதான் பெருக்கவேண்டும். 186ஓடு பெருக்கினால் இல்லாத இழப்பைக் கணக்கில் ஏற்றியவர்கள் ஆவோம். ஆனால் 186 என்ற எண்ணும் வீண் அன்று. உருண்டையின் மொத்த எடையைக் கணக்கிட அது வேண்டும்.

கணக்கு

2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் பாசிப்பருப்பில் புரதம் சுமார் 24 கிராம், கொழுப்பு சுமார் 1.4 கிராம், நார்ச்சத்து நீங்கலான மாவுச்சத்து சுமார் 53 கிராம். வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்தே. நெய் ஏறக்குறைய முழுவதும் கொழுப்பே. பெருக்கிப் பார்ப்போம்.

பாசிப்பருப்பு 200 கிராம்: புரதம் 48, கொழுப்பு 3, மாவுச்சத்து 106.
சர்க்கரை 200 கிராம்: மாவுச்சத்து 200.
நெய் 109 கிராம்: கொழுப்பு 109.
மொத்தம்: புரதம் 48, கொழுப்பு 112, மாவுச்சத்து 306 கிராம்.

புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி வீதமும், கொழுப்பு 9 கலோரி வீதமும் தருகின்றன. எனவே மொத்த ஆற்றல் 192 + 1008 + 1224 = 2424 கலோரி. (உணவுக் கணக்கில் கலோரி என்பது கிலோ கலோரியே.) பன்னிரண்டால் வகுத்தால் ஓர் உருண்டைக்குப் புரதம் 4 கிராம், கொழுப்பு 9 கிராமுக்குச் சற்று அதிகம், மாவுச்சத்து இருபத்தைந்தரைக் கிராம், ஆற்றல் 202 கலோரி.

அடுப்படியில் பருப்பாக அளந்துவிட்டு, கணக்குப் போடுபவர் மட்டும் மாவாக அளந்ததாக எண்ணிக்கொண்டால் என்ன ஆகும்? அவர் 120 கிராம் வறுத்த மாவு என்று எழுதுவார். அது 129 கிராம் வறுக்காத பருப்புக்குச் சமம். அதில் மாவுச்சத்து 68 கிராம். சர்க்கரைப் பொடியில் 120 கிராம். ஆக மொத்தம் 188. உருண்டைக்குப் பதினாறு கிராமுக்கும் குறைவு. உண்மையில் இருப்பதோ இருபத்தைந்தரை. ஓர் உருண்டைக்கே கிட்டத்தட்ட 10 கிராம் விடுபட்டுப் போகிறது. ஒரு சிறுமிக்கு 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்று மருத்துவர் விதித்திருந்தால், இரண்டு உருண்டைக்கு அவள் ஏறக்குறைய இரண்டு யூனிட் குறைவாகப் போட்டுக்கொள்வாள்.

கடைசி எடையே தணிக்கையாளர்

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. பொருளின் நிறை தானாகத் தோன்றுவதும் இல்லை, மறைவதும் இல்லை என்ற விதியே அந்த வழி. கலவையின் எடை, அதில் இட்டவற்றின் எடைகளின் கூட்டுத்தொகையாகவே இருக்கவேண்டும். வறுத்த பருப்பு 186, சர்க்கரை 200, நெய் 109; ஆகக் கூடுதல் 495 கிராம். பிடித்து வைத்த உருண்டைகளை எல்லாம் ஒருங்கே எடை போட்டால் 483 கிராம் கிடைக்கிறது என்று கொள்வோம். 12 கிராம் குறைவு. அரைத்த பாத்திரத்திலும் பிசைந்த கையிலும் ஒட்டியது அந்த அளவு இருக்கும், கணக்கு சரியே. மாவாக அளந்ததாக எண்ணியவரின் கணக்குப்படி மொத்தம் 120 + 120 + 109 = 349 கிராமே வரும். தராசு 483 என்று காட்டும்போது, எங்கோ பெரும் தவறு நேர்ந்தது என்று அவர் அக்கணமே அறிந்துகொள்வார்.

இங்கே இரண்டு வகை இழப்புகளைப் பிரித்து அறியவேண்டும். வறுக்கும்போது போனது நீர் மட்டும், சத்து போகவில்லை. ஆகவே மீந்த மாவின் ஒவ்வொரு கிராமிலும் சத்து சற்றுக் கூடியது. பாத்திரத்தில் ஒட்டியதோ முழுக் கலவை. தன் பங்குச் சத்தோடு அது போய்விட்டது. மீந்த கலவையின் ஒரு கிராமில் உள்ள சத்து அதனால் மாறவில்லை. எனவே மொத்தச் சத்தை 483ஆல் வகுக்கக் கூடாது, 495ஆல் வகுக்கவேண்டும்.

306 ÷ 495 = 0.618

அதாவது, உருண்டையின் ஒவ்வொரு கிராமிலும் 0.618 கிராம் மாவுச்சத்து உள்ளது. இந்த ஓர் எண் கையில் இருந்தால், பன்னிரண்டால் வகுத்த சராசரி தேவையே இல்லை. கையால் பிடித்த உருண்டைகள் எல்லாம் ஒரே அளவாக இருப்பதில்லை அல்லவா? 35 கிராம் எடையுள்ள சிறிய உருண்டையில் மாவுச்சத்து 35 × 0.618 = 21.6 கிராம். 45 கிராம் எடையுள்ள பெரிய உருண்டையில் 27.8 கிராம். ஒரே தட்டில் அருகருகே இருக்கும் இரண்டு உருண்டைகளுக்கு இடையே 6 கிராம் வேறுபாடு! ஆகவே உண்ணும் உருண்டையைத் தராசில் இட்டு அந்த எடையைப் பெருக்குவதே சரியான முறை.

எத்தனை தசமம்?

இவ்வளவு கவனமாக எடை போட்டபின், விடையை 21.63 கிராம் என்று எழுதலாமா? எழுதலாகாது. அட்டவணையின் எண்கள் பல மாதிரிகளைச் சோதித்து எடுத்த சராசரி. உங்கள் வீட்டுப் பருப்பு வேறு நிலத்தில், வேறு பருவத்தில் விளைந்தது. அதன் புரதமும் ஈரமும் சராசரியிலிருந்து சிறிது விலகியிருக்கலாம். 4, 9, 4 என்ற கலோரி எண்களும் முழு எண்ணாக்கிய சராசரிகளே. நார்ச்சத்து குடலில் ஓரளவு புளித்துத் தரும் ஆற்றலையும் நாம் சேர்க்கவில்லை. அட்டவணைக்கு அட்டவணை மாவுச்சத்தைக் கணக்கிடும் முறையும் மாறும். நார்ச்சத்தைச் சேர்த்துச் சொல்பவையும் உண்டு, நீக்கிச் சொல்பவையும் உண்டு. எனவே ஒரு கணக்கு முழுவதற்கும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்தி, விடையை முழு எண்ணாக, 22 கிராம் என்று எழுதுவதே முறை.

அப்படியானால் தராசு எதற்கு என்று கேட்கலாம். அட்டவணையின் சராசரியிலிருந்து பருப்பு விலகுவதால் நம் உருண்டைக் கணக்கில் வரும் பிழை சிறியது. ஏனெனில் மாவுச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையிலிருந்து வருகிறது, அது விலகுவதில்லை. ஆனால் ஒரு கப் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த பிழை 306இல் 118 கிராம். அட்டவணையின் பிழையை நம்மால் நீக்க முடியாது. கப்பின் பிழையை ஒரு தராசு நீக்கிவிடும்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் கடலை உருண்டை செய்யும் நாளில், வறுக்குமுன் நிலக்கடலையையும், வறுத்துத் தோல் நீக்கியபின் பருப்பையும் எடை போடுங்கள். தோலாகக் கழிந்த எடையைத் தனியே காணுங்கள். வெல்லத்தைப் பாகு காய்ச்சுமுன் எடை போட்டு, ஊற்றிய நீரையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிவில் உருண்டைகளின் மொத்த எடையைப் பாருங்கள். பாகிலிருந்து ஆவியாகாமல் உருண்டையில் தங்கிய நீர் எத்தனை கிராம்? பாத்திரத்தில் ஒட்டிய பாகை இந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பீர்கள்? பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன் அதையும் தராசில் வைக்க நினைத்தவர்களுக்கு விடை எளிதாகக் கிடைக்கும்.